சோலார் டிரையரில் தக்காளி: வெறும் வெயிலோடு ஒப்பிட எதை, எங்கே, எப்படி அளப்பது?

"மொட்டை மாடியில் 1 சதுர மீட்டர் கண்ணாடி வைத்து ஒரு சோலார் டிரையர் செய்திருக்கிறோம். உள்ளே 65 டிகிரி வரை ஏறுகிறது. ஆனாலும் தக்காளி வெறும் வெயிலில் காய்வதைவிட வேகமாகக் காய்கிற மாதிரித் தெரியவில்லை. காற்றோட்டம், வெப்பம், ஈரப்பத இழப்பு மூன்றையும் அளந்து வெயிலோடு ஒப்பிட வேண்டும் என்றால் எப்படிச் செய்வது?"

முதலில் அந்த 65 டிகிரியைப் பார்ப்போம். முழுத் தட்டும் ஈரத் தக்காளியாக இருக்கும்போது உள்ளே 65 காட்டுகிறது என்றால் அது நல்ல அறிகுறி அல்ல. ஈரம் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், காற்று குளிரும். குளிரவில்லை என்றால் ஈரம் போதுமான அளவு போகவில்லை. உங்கள் டிரையரில் சூடு இருக்கிறது, அந்தச் சூட்டைச் சுமந்து ஈரத்தை வெளியே கொண்டுபோகும் காற்று போதவில்லை என்பதுதான் என் ஊகம். ஊகம் சரியா என்பதை அளந்தே பார்த்துவிடலாம்.

கரையோர ஊர் ஒன்றில் வெளிக் காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கிலோ காற்றுக்கு 18 கிராம் நீராவி இருக்கும். இதே காற்றை 55 டிகிரிக்குச் சூடாக்கினால் நீராவி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆனால் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது, 60 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காற்றுக்குத் தாகம் வருகிறது என்று சொல்லலாம். தக்காளித் தட்டுகளைக் கடந்து 42 டிகிரியாக வெளியேறும்போது அந்தக் காற்று கிலோவுக்குச் சுமார் 5 கிராம் தண்ணீரைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு போகும்.

1 சதுர மீட்டர் கண்ணாடியில் 800 வாட் வெயில் விழுகிறது, அதில் 40 சதவீதம் காற்றுக்குச் சேர்கிறது என்றால் 320 வாட். காற்றை 32-லிருந்து 55-க்கு ஏற்ற இது மணிக்கு ஏறத்தாழ 50 கிலோ காற்றுக்குப் போதும். 50 கிலோ காற்று, கிலோவுக்கு 5 கிராம், ஆக மணிக்கு 250 கிராம் தண்ணீர் வெளியேறும். இப்போது காற்றோட்டம் மந்தமான டிரையரைப் பாருங்கள். மணிக்கு 15 கிலோ காற்றுதான் போகிறது, அது 65 டிகிரி வரை ஏறுகிறது, 45 டிகிரியில் வெளியேறுகிறது. ஒவ்வொரு கிலோவும் 8 கிராம் தண்ணீர் எடுக்கும், முந்தையதைவிட அதிகம்தான். ஆனால் மொத்தம் மணிக்கு 120 கிராம். சூடு கூடியும் உலர்தல் பாதியாகிவிட்டது. மிச்ச வெயில் எங்கே போனது என்றால், கொதித்துக் கிடக்கும் கருப்புத் தகட்டிலிருந்து கண்ணாடி வழியாக வெளியே போனது. டிரையர் செய்பவர்களில் பலரும் தெர்மாமீட்டரை மட்டும் வைத்துப் பார்த்து மகிழ்ந்துபோவது இங்கேதான்.

இனி அளவீடு. கண்ணாடிப் பெட்டியில் சூடான காற்று தனியாக இருக்கும் மூடிய உலர் அறைக்குக் கீழிருந்து வருகிறது, அறையில் 40 × 40 செ.மீ. தட்டுகள் நான்கு, மேலே 10 செ.மீ. உள்விட்டமுள்ள ஒரு பி.வி.சி. குழாய் வழியாக வெளியேறுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். உங்களுடையது வேறு மாதிரி இருந்தாலும் அளக்கும் முறை இதேதான்.

ஒப்பீட்டில் பாதி வெற்றி தட்டு தயாரிப்பில் இருக்கிறது. ஒரே கூடையிலிருந்து எடுத்த, ஒரே அளவு பழுத்த தக்காளி வேண்டும். சாறு கொட்டும் நாட்டுத் தக்காளியைவிடச் சதைப்பற்றான பெங்களூர் தக்காளி சீராக நறுக்க வரும். 6 மி.மீ. வில்லைகளாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் தட்டுக்கு 500 கிராம் அடுக்குங்கள். தட்டின் வலை எவர்சில்வர் அல்லது உணவுக்கு ஏற்ற நைலானாக இருக்கட்டும். தக்காளியின் புளிப்பு அலுமினியத்தையும் துத்தநாகப் பூச்சு வலையையும் அரிக்கும்.

தக்காளியில் மட்டும் வரும் ஒரு பொறி உண்டு. நறுக்கியதும் வில்லையிலிருந்து சாறு வடியும். வலைத் தட்டில் அது சொட்டிக் கீழே விழும், தராசு அதையும் ஆவியான தண்ணீராகவே கணக்குக் காட்டும். முதல் ஒரு மணி நேரத்தில் டிரையர் அபாரமாக வேலை செய்கிற மாதிரித் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். அதனால் வில்லைகளை ஒரு சல்லடையில் 15 நிமிடம் வடியவிட்டு, அதன் பிறகே தட்டில் அடுக்கி முதல் எடையை எடுங்கள். அடித்தட்டுக்குக் கீழே ஒரு தட்டையான பாத்திரம் வைத்து, பிறகும் சொட்டியது எவ்வளவு என்று தனியாக எடை பாருங்கள்.

டிரையரில் நான்கு தட்டு, வெளியே இரண்டு தட்டு. வெளியே வைக்கும் இரண்டும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஒன்று அதே வலைத் தட்டு, தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில், கீழிருந்தும் காற்றுப் படும்படி. இன்னொன்று நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதுபோலத் தார்ப்பாயிலோ பாயிலோ பரப்பியது. வலையையும் டிரையரையும் ஒப்பிட்டால் பெட்டி எவ்வளவு உதவுகிறது என்று தெரியும். தார்ப்பாயையும் டிரையரையும் ஒப்பிட்டால் ஒரு விவசாயிக்கு உண்மையில் என்ன மாறும் என்று தெரியும். இந்த இரண்டு கேள்விகளையும் கலந்துவிட்டால் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. எல்லாத் தட்டுகளும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வைக்கப்பட வேண்டும். இன்று டிரையர், நாளை வெயில் என்று வைத்தால் மேகம்தான் முடிவைத் தீர்மானிக்கும்.

வெயிலின் அளவைப் பதிவு செய்ய விலையுயர்ந்த பைரனோமீட்டர் தேவையில்லை. 10 வாட் சோலார் பேனல் ஒன்றைக் கண்ணாடியின் அதே சாய்வில் பொருத்தி, அதன் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தை, அதாவது இரு முனைகளையும் மீட்டர் வழியாக நேராக இணைக்கும்போது ஓடுவதை, மல்டிமீட்டரில் மணிக்கொரு முறை பாருங்கள். இந்த மின்னோட்டம் வெயிலுக்கு நேர் விகிதத்தில் மாறும். பேனலின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் மதிப்பு 1000 வாட் வெயிலுக்கானது. அங்கே 0.6 ஆம்பியர் என்று போட்டிருந்து, உங்களுக்கு 0.48 வந்தால் வெயில் சதுர மீட்டருக்கு 800 வாட்.

வெப்பத்தை நான்கு இடத்தில் அளந்தால் போதும்: வெளிக் காற்று, கண்ணாடிப் பெட்டியிலிருந்து அறைக்குள் நுழையும் இடம், இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவே, வெளியேறும் குழாயின் வாய். முதலிலும் கடைசியிலும் ஈரப்பதமும் வேண்டும். நீர் புகாத டி.எஸ்.18பி20 உணர்வி வெப்பத்துக்குச் சரி, ஈரப்பதத்துக்கு எஸ்.எச்.டி.31 வகை நல்லது. எந்த உணர்வியின் மீதும் நேர் வெயில் படக் கூடாது. வெயில் பட்டால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தன் உடம்பின் வெப்பத்தைக் காட்டும். நிழலுக்காக வெள்ளைத் தெர்மாகோல் கப் ஒன்றைக் கவிழ்த்து, பக்கங்களில் துளை போட்டு மாட்டலாம். கண்ணாடிப் பெட்டியின் வாயில் வைக்கும் உணர்விக்கும் சூடான கருப்புத் தகடு நேராகத் தெரியாதபடி ஒரு சிறிய மறைப்பு வையுங்கள்.

ஈரப்பத உணர்விகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். வேலை தொடங்குமுன் இரண்டையும் ஒரே டப்பாவில் ஒரு மணி நேரம் வைத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் சமையல் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஈரமணல் போலப் பிசைந்து, ஒரு சின்ன மூடியில் வைத்து, உணர்விகளோடு சேர்த்து இறுக மூடிய டப்பாவில் சில மணி நேரம் விடுங்கள். உப்பு உணர்வியில் படக் கூடாது. அறை வெப்பத்தில் அந்த டப்பாவுக்குள் 75 சதவீதம் இருக்கும். உணர்வி 79 காட்டினால் 4-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும்.

காற்றோட்டம்தான் மூன்றிலும் கடினம். காற்றின் வேகத்தைக் காட்டும் காற்றாடி அனிமோமீட்டரைத் தட்டுகளுக்கு நடுவே நீட்டிப் பார்த்தால் சுழலவே சுழலாது. காரணம் எளிது. 45 × 45 செ.மீ. அறை வழியாக மணிக்கு 50 கிலோ காற்று போனாலும் அதன் வேகம் நொடிக்கு 6 செ.மீ. அளவுதான். காற்றாடி வகை அனிமோமீட்டர் நொடிக்கு 30, 40 செ.மீ.க்குக் கீழே அசையாது. அதனால் காற்று நெருக்கமாகப் போகும் இடத்தில், அதாவது வெளியேறும் குழாயில் அளக்க வேண்டும். அங்கே அதே காற்று நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் போகும்.

அந்தக் குழாய் நேராக ஒரு மீட்டராவது இருக்கட்டும். மின்விசிறி அதன் வாயிலேயே இருந்தால் காற்று சுழன்று வந்து அளவைக் கெடுக்கும். குழாயின் கடைசிப் பகுதியில் ஓரத்தில் ஒரு துளை போட்டு, சூடான கம்பி காற்றில் குளிர்வதை வைத்து வேகத்தைக் காட்டும் ஹாட்வயர் அனிமோமீட்டரின் முனையை நடுவரை செலுத்திப் படியுங்கள். நடுவில் வேகம் அதிகம், ஓரத்தில் குறைவு. இந்த வேகத்தில் நடு அளவை 0.8 ஆல் பெருக்கினால் சராசரி கிடைக்கும். நடுவில் 2.0 வந்தால் சராசரி 1.6. காற்றாடி அனிமோமீட்டரை 10 செ.மீ. குழாயில் வைத்தால் அது பாதி வழியை அடைத்துக்கொண்டு காற்றோட்டத்தையே மாற்றிவிடும். அதுதான் கைவசம் என்றால் அளக்கும் இடத்துக்கு மட்டும் சற்று அகலமான குழாய் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்விசிறி உள்ள டிரையருக்குக் கருவியே இல்லாமல் ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. 100 லிட்டர் கொள்ளும் மெல்லிய குப்பைப் பையைக் காற்றில்லாமல் பிழிந்து, குழாயின் வாயில் மாட்டி, முழுதாக உப்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். மேலே சொன்ன காற்றோட்டத்துக்கு 8 நொடி ஆகும். விசிறி இல்லாமல் புகைபோக்கி இழுப்பில் மட்டும் ஓடும் டிரையருக்கு இது உதவாது. ஒரு மீட்டர் புகைபோக்கி, 10 டிகிரி வித்தியாசம் என்றால் இழுக்கும் அழுத்தம் அரை பாஸ்கல்கூட வராது, பையைத் தூக்கவே அந்த வலு போதாது. அங்கே குழாயில் ஒரு மீட்டர் துண்டை ஒளி ஊடுருவும் குழாயாக மாற்றி, கீழே ஊதுபத்திப் புகையை ஒரு நொடி விட்டு, அது மேலே வந்து சேரும் நேரத்தை எடுக்கலாம். ஐந்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

எடைக்கு 1 கிராம் வரை காட்டும் தராசு போதும். மணிக்கொரு முறை தட்டை எடுத்து, அரை நிமிடத்துக்குள் எடை பார்த்து, அதே இடத்தில் திரும்ப வையுங்கள். தராசு நிழலிலும் காற்றடிக்காத இடத்திலும் இருக்கட்டும், வெயிலில் சூடேறினால் தராசின் சுழியம் நகரும். அளவெடுக்கும் ஓட்டத்தில் தட்டுகளை மேலும் கீழும் மாற்றாதீர்கள். அடித்தட்டு முன்னால் காய்வதும் மேல்தட்டு பின்தங்குவதும் டிரையரைப் பற்றிய முக்கியமான தகவல், மாற்றி மாற்றி வைத்தால் அது மறைந்துவிடும். விற்பனைக்குக் காயவைக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

எடையை ஈரப்பதமாக்க, தக்காளியில் உலர்பொருள் எவ்வளவு என்று தெரிய வேண்டும். புத்தகத்தில் 6 சதவீதம் என்று போட்டிருக்கும், 5-ம் வரும், 7-ம் வரும். முதலில் எவ்வளவு என்று கணிப்பதில் உள்ள சின்னப் பிழை முடிவில் எப்படிப் பெருகும் என்று பாருங்கள். 1000 கிராம் தக்காளி 70 கிராமாகச் சுருங்கியிருக்கிறது. உலர்பொருள் 60 கிராம் என்றால் மிச்சத் தண்ணீர் 10 கிராம், ஈரப்பதம் 14 சதவீதம். உலர்பொருள் 50 கிராம்தான் என்றால் மிச்சத் தண்ணீர் 20 கிராம், ஈரப்பதம் 29 சதவீதம். முதலாவது கெடாமல் நிற்கும் நிலையை நெருங்கிவிட்டது, இரண்டாவதில் பூஞ்சணம் வரும். ஆகவே வடியவைத்த அதே வில்லைகளிலிருந்து 20 கிராம் எடுத்து, பொடியாக நறுக்கி, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கல்லூரி ஆய்வகத்திலோ ஓவனில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தச் சொல்லுங்கள். தக்காளியில் சர்க்கரை இருப்பதால் 105 டிகிரியில் வைத்தால் கருகி, தண்ணீரோடு வேறு பொருளும் போகும். 70 டிகிரியில், முடிந்தால் வெற்றிட ஓவனில், பொறுமையாக வைப்பதுதான் சரி.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, ஆனால் இந்த அளவு டிரையருக்குப் பொருந்தக்கூடியவை. தட்டுக்கு 500 கிராம், உலர்பொருள் 30 கிராம். காலை 9 மணிக்குத் தொடக்கம். பகல் 12 மணிக்கு டிரையர் தட்டுகள் சராசரியாக 320 கிராம், மாலை 5 மணிக்கு 140. வெளியே வலைத் தட்டு மாலை 5 மணிக்கு 235.

இதை ஈர அடிப்படையில், அதாவது மொத்த எடையில் தண்ணீர் எத்தனை சதவீதம் என்று எழுதினால் டிரையர் 79 சதவீதம், வெளித்தட்டு 87 சதவீதம். இவ்வளவுதானா வித்தியாசம் என்று தோன்றும். உலர் அடிப்படையில், அதாவது ஒரு கிராம் உலர்பொருளுக்கு எத்தனை கிராம் தண்ணீர் என்று எழுதுங்கள். தொடக்கத்தில் 15.7. மாலையில் டிரையர் தட்டில் 3.7, வெளித்தட்டில் 6.8. வெளித்தட்டில் ஏறக்குறைய இரண்டு மடங்குத் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. ஈர அடிப்படை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வசதியானது, ஒப்பீட்டு வரைபடத்துக்கு உலர் அடிப்படையே ஏற்றது. 10 சதவீத ஈரப்பதம் என்ற இலக்கு ஒரு தட்டுக்கு 33 கிராம். இந்த எடையை முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள், தொட்டுப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை.

இப்போது மூன்று அளவுகளையும் ஒன்றோடொன்று மோதவிடலாம். காலை 9 முதல் 12 வரை நான்கு தட்டும் சேர்ந்து 720 கிராம் இழந்தன, மணிக்கு 240 கிராம். அந்தத் தண்ணீர் முழுவதும் குழாய் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். உள்ளே வந்த காற்று 32 டிகிரி, 60 சதவீதம். வெளியேறியது 42 டிகிரி, 44 சதவீதம். வெப்பம் A2 கட்டத்திலும் ஈரப்பதம் B2 கட்டத்திலும் இருந்தால், ஒரு கிலோ காற்றில் எத்தனை கிராம் நீராவி என்பதை எக்செல் இப்படிச் சொல்லும்:

```
C2: =B2/100*0.6108*EXP(17.27*A2/(A2+237.3))
D2: =622*C2/(101.3-C2)
```

உள்ளே வந்ததற்கு 18.0, வெளியேறியதற்கு 23.0 என்று வரும். வித்தியாசம் 5.0. ஆக 240 கிராம் தண்ணீரைச் சுமக்க மணிக்கு 48 கிலோ காற்று தேவைப்பட்டிருக்கும். குழாயில் அளந்த வேகம் 1.6 மீட்டர், குறுக்குப் பரப்பு 0.00785 சதுர மீட்டர், காற்றின் அடர்த்தி 1.1 என்று பெருக்கினால் மணிக்கு 50 கிலோ. இரண்டும் நெருங்கி வருகின்றன, ஆகவே வெப்பம், ஈரப்பதம், வேகம், எடை நான்கையும் நம்பலாம்.

இவ்வளவு நெருக்கம் எப்போதும் வராது. ஈரப்பத உணர்வி 2 சதவீதம் தவறினால் 42 டிகிரியில் அது கிலோவுக்கு 1 கிராமுக்கும் மேலான பிழை. 5 கிராம் வித்தியாசத்தில் 1 கிராம் பிழை என்பது ஐந்தில் ஒரு பங்கு. அதனால் 20, 25 சதவீத வேறுபாடு வரை பதற வேண்டாம். இந்தக் கணக்கை முதல் சில மணி நேரத்துக்கு மட்டும் போடுங்கள். தக்காளி காயக் காய வித்தியாசம் 1 கிராமுக்குள் வந்துவிடும், அப்போது பிழையைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

வேறுபாடு அதற்கும் மேல் போனால் அதுவே குறையைக் காட்டிக்கொடுக்கும். எடைக் கணக்கில் வரும் காற்று குழாயில் அளந்ததைவிட மிக அதிகம் என்றால், கதவு இடுக்கு வழியாக ஈரக் காற்று வெளியேறுகிறது, அல்லது சாறு சொட்டுவதை ஆவியாகக் கணக்கிட்டிருக்கிறீர்கள். குழாயில் அதிகம், எடைக் கணக்கில் குறைவு என்றால் வெளியேறும் இடத்து ஈரப்பத உணர்வி கூடுதலாகக் காட்டுகிறது, அல்லது நடு வேகத்தை 0.8 ஆல் பெருக்க மறந்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள். கதவு ஓரங்களில் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை உள்ளே இழுபடும் இடமும் வெளியே தள்ளும் இடமும் கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் 65 டிகிரிக்கு இப்போது வரலாம். வெளியேறும் காற்றின் ஈரப்பதத்தைக் காலை 10 மணிக்குப் பாருங்கள். 70 சதவீதத்துக்கு மேல் இருந்து, அறைச் சுவரில் நீர்த்துளி அரும்பினால் காற்று போதவில்லை. புகைபோக்கியை உயர்த்துங்கள், அல்லது 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறி ஒன்றைச் சின்ன பேனலோடு நேராக இணையுங்கள். வெயில் ஏறும்போது விசிறியும் வேகமெடுக்கும், மேகம் வந்தால் மெதுவாகும், தனிக் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். அதற்கு மாறாக, ஈரத் தக்காளி நிறைய இருக்கும்போதே வெளியேறும் காற்று 25 சதவீதம்தான் காட்டுகிறது, அதன் வெப்பமும் நுழையும்போது இருந்ததைவிட அதிகம் குறையவில்லை என்றால் காற்று தட்டுகளைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது. தட்டின் ஓரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அடைத்தாலே பெரும்பாலும் சரியாகும்.

மூன்றாவது சாத்தியமும் உண்டு: காற்று குறைவு, சூடு அதிகம், வெளியேறும் காற்றில் ஈரமும் குறைவு. வில்லையின் மேல்தோல் முன்னால் காய்ந்து இறுகி, உள் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொண்டது என்று பொருள். ஒரு வில்லையைப் பிய்த்து இரு விரலால் அமுக்குங்கள். வெளியே தோல்போல இறுகி, நடுவில் பசைபோலப் பிசுபிசுத்தால் அதுதான். முதல் நாள் 55, 60 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் இது வராது.

வெளித்தட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மாடியில் நொடிக்கு 1, 2 மீட்டர் காற்று தாராளமாக வீசும், டிரையர் அறைக்குள் 6 செ.மீ.தான். நேர் வெயில் வில்லையின் மீதே விழுகிறது. ஆகவே ஈரம் மேற்பரப்பில் இருக்கும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் வெளித்தட்டு டிரையருக்குச் சமமாக ஓடலாம், முந்தவும் செய்யலாம். மேலே உள்ள எண்களிலேயே பாருங்கள். டிரையர் ஒரு சதுர மீட்டர் கண்ணாடியைக் கொண்டு முதல் நாளில் 1.44 கிலோ தண்ணீரை எடுத்தது. வெளித்தட்டு 0.16 சதுர மீட்டரில் 265 கிராம் எடுத்தது, சதுர மீட்டருக்கு 1.66 கிலோ. பரப்பளவை வைத்துப் பார்த்தால் வெறும் வெயில் தோற்கவில்லை. "டிரையர் இத்தனை மடங்கு திறன்" என்று எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

டிரையரின் பலன் இரண்டாம் நாளிலிருந்துதான் தெரியும். மேற்பரப்பு காய்ந்த பிறகு ஈரம் உள்ளிருந்து ஊர்ந்து வர வேண்டும், அதைச் சூடுதான் விரைவுபடுத்தும், காற்று வீச்சு பெரிதாக உதவாது. 60 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் சர்க்கரையும் உப்பும் உள்ள காய்ந்த தக்காளி ஓர் எடைக்குக் கீழே இறங்க மறுக்கும், 18 சதவீதக் காற்றில் இறங்கும். கரையோரத்தில் வெளித்தட்டு 33 கிராமை எட்டாமல் 38, 40-லேயே பல மணி நேரம் நின்றால் வியக்க வேண்டாம்.

இரவு எடையைத் தவறவிடாதீர்கள். மாலை எடுத்ததும் ஒரு எடை, காலை வைக்குமுன் ஒரு எடை. வெளித்தட்டை வீட்டுக்குள் மூடி வைத்தாலும் இரண்டாம், மூன்றாம் இரவுகளில் எடை கூடியிருக்கும், மறுநாள் காலை வெயில் அந்த ஈரத்தை மறுபடி விரட்டுவதிலேயே செலவாகும். டிரையரிலும் இரவில் காற்று வழிகளை மூடவில்லை என்றால் இதேதான் நடக்கும். உலர்நேரத்தை எழுதும்போது வெயில் மணி எத்தனை, மொத்த மணி எத்தனை என்று இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

33 கிராமைத் தொட்டதும் தட்டைச் சூட்டோடு மூடாமல் ஆறவைத்து, கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு நிரப்பி இறுக மூடி ஒரு வாரம் வையுங்கள். தினம் ஒரு முறை குலுக்குங்கள், ஈரமான வில்லையிலிருந்து காய்ந்த வில்லைக்கு ஈரம் பரவிச் சமமாகும். ஜாடியின் உள்சுவரில் ஆவி படிந்தால், மேல்தட்டு வில்லைகள் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். அவற்றைத் திரும்ப டிரையரில் ஏற்றி, தட்டுவாரியாக எழுதிய எடைகளில் எந்தத் தட்டு பின்தங்கியது என்று பாருங்கள்.